பிரிவைக் கேட்பது மனைவி என்றால் மஹரை இழக்க வேண்டுமா?

கேள்வி: நிக்காஹ் நடந்து ஏழு வருடமாகிறது. நான்கு வயதில் ஒரு மகன். தஃப்தரில் மஹர் 10 பவுன், 3 பவுன் அன்றே கொடுத்தது, மீதி 7 பவுன் பிறகு என்று எழுதியிருக்கிறது. கணவர் துபாயில். இரண்டரை வருடமாக ஒரு பைசா அனுப்பவில்லை. போன மாதம் வாட்ஸ்அப்பில் மூன்று முறை தலாக் என்று அனுப்பினார். ஜமாஅத்தில் போய்ச் சொன்னால், "பிரியணும்னு நீதானே கேட்கிறே, அப்ப இது குலா. 3 பவுனைத் திருப்பிக் கொடு, 7 பவுனைக் கேட்காதே" என்கிறார்கள். எங்கள் வீட்டில் போட்ட 25 பவுனும் மாமியாரிடம் இருக்கிறது. என் மஹர் போய்விட்டதா?

போகவில்லை, சகோதரி. ஆனால் ஜமாஅத் நீட்டும் தாளில் கையெழுத்துப் போட்டால் போய்விடும். குடும்ப நீதிமன்றத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வழக்கு நடத்திவரும் அனுபவத்தில் சொல்கிறேன்: மஹர் வழக்குகளில் பெண்கள் தோற்பது பெரும்பாலும் சட்டத்தினால் அல்ல, நீதிமன்றத்துக்கு வருவதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்ட ஒரு பக்கக் காகிதத்தினால்தான். பிரிவை யார் முதலில் வாய்விட்டுக் கேட்டார்கள் என்பதை வைத்து மஹர் முடிவாவதில்லை. திருமணம் எந்த முறையில் கலைகிறது என்பதை வைத்தே முடிவாகிறது. கணவர் சொல்லும் தலாக், இருவரும் ஒப்பி முடிக்கும் குலா, நீதிமன்றம் கலைத்துத் தரும் ஃபஸ்கு ஆகிய மூன்றிலும் மஹரின் கதி வேறு வேறு. உங்கள் ஜமாஅத்தினர் மூன்றாவதை அடியோடு மறந்துவிட்டு, இரண்டாவது மட்டுமே உங்களுக்கு உண்டு என்பதுபோலப் பேசியிருக்கிறார்கள்.

முதலில் அந்த வாட்ஸ்அப் செய்தி. ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக்கை உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 22-இல் ஷாயரா பானு வழக்கில் செல்லாது என்றது. அதன்பின் வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, வாயால் சொன்னாலும், எழுதினாலும், மின்னணு வழியில் அனுப்பினாலும் அத்தகைய தலாக் செல்லாது என்று தெளிவாகவே சொல்கிறது. ஆகவே சட்டத்தின் பார்வையில் நீங்கள் இன்றும் அவருடைய மனைவிதான். இதில் பலர் கவனிக்காத ஒரு விளைவு உண்டு. பிறகு தருவதாக எழுதப்பட்ட மஹர், மரணத்தாலோ விவாகரத்தாலோ திருமணம் முடியும்போதுதான் தர வேண்டிய கடனாக முற்றுகிறது. தலாக் செல்லாது என்றால் திருமணம் முடியவில்லை. திருமணம் முடியவில்லை என்றால் அந்த 7 பவுனை விவாகரத்தின் பேரில் இன்றைக்கே கேட்க முடியாது. செல்லாத தலாக்கைச் செல்லும் என்று நாமே ஒப்புக்கொண்டு மஹர் கேட்டு வழக்குப் போடுவது, முன்னுக்குப் பின் முரணான நிலையில் நம்மை நிறுத்திவிடும். நான் அதைச் செய்ய மாட்டேன்.

அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள். போனையும் மாற்றிவிடாதீர்கள். நீதிமன்றத்தில் அதன் நகலைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழும் கூடவே வேண்டும். வெறும் ஸ்கிரீன்ஷாட்டை அச்செடுத்துக் கொடுப்பது போதாது. அப்படி முத்தலாக் சொல்வது மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம், நீங்களோ உங்கள் உறவினரோ காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. மஹரைப் பெறுவதற்கு அது நிபந்தனை அல்ல என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இப்போது குலா. குலா என்பது ஓர் ஒப்பந்தம். மனைவி எதையோ விட்டுக்கொடுத்து அல்லது திருப்பிக் கொடுத்து விடுதலை பெறுகிறாள். அது பெரும்பாலும் மஹராக இருக்கும், ஆனால் முழு மஹராகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. மார்க்கத்தில் இதற்குச் சொல்லப்படும் முன்னுதாரணத்தையே எடுத்துப் பாருங்கள். தாபித் இப்னு கைஸ் அவர்களின் மனைவி, கணவரின் குணத்திலோ மார்க்கப் பற்றிலோ தனக்குக் குறையில்லை, ஆனாலும் அவருடன் வாழ முடியவில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து சொன்னார். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்து விடுதலை பெற்றார். கணவர் மீது குற்றமில்லாத நிலையில் அவருக்கு ஏற்படும் இழப்பை ஈடுசெய்யவே தோட்டம் திரும்பியது. குற்றம் கணவருடையதாக இருக்கும்போது அவர் மனைவியிடமிருந்து எதையும் வாங்குவது வெறுக்கத்தக்கது என்று ஹனஃபி சட்ட நூல்களே கூறுகின்றன. கொடுத்ததில் ஒரு பகுதியைப் பிடுங்குவதற்காகப் பெண்களை நெருக்கடியில் வைக்காதீர்கள் என்பது குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 19-ஆம் வசனத்தின் கட்டளை. இரண்டரை ஆண்டு சோறு போடாத ஒருவருக்கு, அவர் கொடுத்த 3 பவுனைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் ஜமாஅத் பெரியவர்கள் இந்த வசனத்தை எப்படி வாசிக்கிறார்கள் என்று எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

உங்களுக்கு உரிய வழி 1939-ஆம் ஆண்டு முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டம். அதன் 2-ஆம் பிரிவில் மனைவி நீதிமன்றத்தின் மூலம் திருமணத்தைக் கலைத்துக்கொள்வதற்கான காரணங்கள் வரிசையாகச் சொல்லப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்று, கணவர் இரண்டு ஆண்டுகள் மனைவியைப் பராமரிக்கத் தவறியது. "இதெல்லாம் ஷரீஅத்தில் இல்லாதது, கோர்ட்டு கொண்டு வந்தது" என்று யாராவது சொன்னால், அந்தச் சட்டம் பிறந்த கதையைச் சொல்லுங்கள். ஹனஃபி சட்டத்தில் இந்த நிலைமைக்குப் பெண்ணுக்கு வழியில்லாமல் இருந்ததால், மாலிக்கி மத்ஹபின் விதிகளை எடுத்து எல்லா முஸ்லிம் பெண்களுக்கும் பொதுவாக்கவே அது இயற்றப்பட்டது. ஆகவே நீங்கள் ஷாஃபி குடும்பமா ஹனஃபி குடும்பமா என்பது இங்கே வேறுபாடு செய்யாது.

அந்தச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுதான் உங்கள் கேள்விக்கு நேரான விடை. இந்தச் சட்டத்தில் உள்ள எதுவும், திருமணம் கலைக்கப்படும்போது மனைவிக்கு மஹர் மீது உள்ள உரிமையைப் பாதிக்காது என்கிறது அது. அதாவது வழக்குப் போட்டது நீங்களே ஆனாலும், தீர்ப்புப் பெற்றது நீங்களே ஆனாலும், 3 பவுன் உங்களிடமே இருக்கும். தீர்ப்பு வந்த நாளில் 7 பவுன் தர வேண்டிய கடனாகிவிடும். இல்லறம் நடந்த திருமணம் என்பதால் பாதி மஹர் என்ற பேச்சுக்கும் இடமில்லை. சேர்ந்து வாழும் முன்பே பிரிந்த திருமணத்துக்குத்தான் பாதி என்ற விதி. இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

சந்தேகத்துக்குரிய இடம் வேறு. பராமரிக்கத் தவறினார் என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். எதிர்த்தரப்பு வழக்கமாக எடுக்கும் வாதம், "அவளாகவே வீட்டை விட்டுப் போனாள், அதனால் பராமரிக்கும் கடமை எனக்கு இல்லை" என்பது. இதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. மனைவி மீது தவறு இருந்தாலும் இரண்டு ஆண்டு பராமரிக்காதது என்ற உண்மையே போதும் என்று கேரள உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் 1970-இல் யூசுஃப் வழக்கில் தீர்ப்பளித்தார். காரணமின்றிப் பிரிந்து போன மனைவிக்கு இது பொருந்தாது என்று வேறு சில நீதிமன்றங்கள் கருதின. எனவே நீங்கள் எங்கே, ஏன் வசிக்கிறீர்கள் என்பதை மனுவில் தெளிவாக எழுதுங்கள். கணவர் வீட்டில் இருக்க முடியாமல் தாய் வீட்டுக்கு வந்திருந்தால் எந்த மாதம், என்ன நடந்தது, யார் உடன் இருந்தார்கள் என்று குறிப்பிடுங்கள். உங்கள் வங்கிக் கணக்கின் ஏழாண்டு அறிக்கையை வாங்குங்கள். பணம் வந்துகொண்டிருந்த மாதங்களும் நின்றுபோன மாதமும் அதில் கண்ணுக்குத் தெரியும். அதைவிட வலுவான சாட்சி இல்லை. மகனின் பள்ளிக் கட்டணத்துக்காக நீங்கள் அனுப்பிய செய்திகளும் அவற்றுக்கு வந்த பதில்களும் அடுத்தது. வழக்குத் தாக்கலாகும் நாளுக்கு முன்பே இரண்டு ஆண்டு நிறைந்திருக்க வேண்டும்; உங்களுக்கு நிறைந்துவிட்டது. நடுவில் அவர் திடீரென ஐயாயிரம் ரூபாய் அனுப்பிக் கணக்கை உடைக்கப் பார்க்கலாம். அப்படி வந்தால், எந்தத் தேதியில் எதற்காக வந்தது என்று உடனே குறித்து வையுங்கள்.

இன்னொரு காரணத்தையும் மனுவில் சேர்க்கச் சொல்வேன். அதே பிரிவில் கொடுமை என்பதற்குத் தரப்பட்டுள்ள விளக்கத்தில், மனைவியின் சொத்தை விற்றுவிடுவதும், அதன் மீது அவளுக்குள்ள சட்ட உரிமையைச் செலுத்தவிடாமல் தடுப்பதும் அடங்கும். உங்கள் 25 பவுனைக் கேட்டும் தராமல் மாமியார் வைத்திருப்பது கணவர் சொல்லித்தான் என்று காட்ட முடிந்தால், இது தனியாகவே நிற்கும் காரணம். காட்ட முடியாவிட்டாலும் முதல் காரணம் கெட்டுவிடாது.

அடுத்து, தஃப்தரின் வாசகம். நான் அதைப் பார்க்கவில்லை. எனவே நீங்கள் முதலில் செய்ய வேண்டிய காரியம், உறவு இன்னும் கசப்பதற்குள் ஜமாஅத்திடம் முத்திரையிட்ட நகல் ஒன்றை எழுத்து மூலம் கேட்டு வாங்குவது. அதில் 7 பவுனுக்கு எதிரே "பிறகு" என்று இருக்கிறதா, "கேட்கும்போது" என்று இருக்கிறதா என்பது பெரிய வித்தியாசம். "கேட்கும்போது தருவது" என்றால் அது உடனடி மஹரின் வகையைச் சேர்ந்தது. திருமணம் நீடிக்கும்போதே, விவாகரத்துக்குக் காத்திராமல் கேட்கலாம். ஆனால் நீங்கள் கேட்டு அவர் மறுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக் காலவரம்பு ஓடத் தொடங்கிவிடும். அதனால் கோபத்தில் வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது. "பிறகு" என்றே இருந்தால் மூன்று ஆண்டு என்பது திருமணம் கலைந்த நாளிலிருந்து எண்ணப்படும். எது உடனடி, எது பிறகு என்று பிரித்தே எழுதாத தஃப்தர்களும் நம் ஊர்களில் ஏராளம். அப்படிப்பட்ட இடங்களில் முழு மஹரும் உடனடி மஹரே என்று கொள்ளும் பார்வை பழைய சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகளில் உண்டு. இது உங்களுக்குத் தேவைப்படாது, இதைப் படிக்கும் வேறு ஒருவருக்குப் பயன்படலாம்.

பவுன் கணக்கில் எழுதியிருப்பது உங்கள் நல்வாய்ப்பு. 7 பவுன் என்றால் 56 கிராம் தங்கம். கேட்க வேண்டியது அந்த எடைத் தங்கத்தை, அல்லது கொடுக்கும் நாளின் விலையில் அதன் மதிப்பை. திருமண நாளின் விலையைப் போட்டு வக்கீல் நோட்டீஸ் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரூபாயில் எழுதிய மஹருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அன்றைய 10,001 இன்றும் 10,001தான்.

தீர்ப்புக்குப் பிறகு என்ன என்பதற்கு வருகிறேன். 1986-ஆம் ஆண்டு முஸ்லிம் பெண்கள் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, கணவர் விலக்கிய பெண்ணுக்கு மட்டுமல்லாமல், கணவரிடமிருந்து விவாகரத்துப் பெற்ற பெண்ணுக்கும் பொருந்தும். அதன்படி நீதித்துறை நடுவரிடம் ஒரே மனுவில் நான்கையும் கேட்கலாம்: இத்தா காலத்துக்குள் செய்து தர வேண்டிய நியாயமான ஏற்பாடு, குழந்தைக்கான செலவு, கொடுபடாத மஹர், திருமணத்தின்போதும் அதற்கு முன்னும் பின்னும் இரு வீட்டாரும் உற்றாரும் உங்களுக்குக் கொடுத்த சொத்துகள். கடைசி வகையில்தான் உங்கள் 25 பவுன் வருகிறது. பெண் வீட்டார் திருமணத்தில் கொடுத்த பணமும் நகையும் இந்தப் பிரிவின்கீழ் திரும்பப் பெறத்தக்கவை என்பதை உச்ச நீதிமன்றம் 2025 டிசம்பரிலும் உறுதிசெய்திருக்கிறது. குழந்தைச் செலவுக்கு மட்டும் இந்தச் சட்டத்தை நம்ப வேண்டாம். இது பிறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்கே வகை செய்கிறது, உங்கள் மகனுக்கு நான்கு வயது. அவனுக்கான ஜீவனாம்சத்தைப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில், அதாவது பழைய 125-இல், இப்போதே கேளுங்கள். நீங்களும் மனைவி என்ற முறையில் அதிலேயே இன்றைக்கே கேட்கலாம், விவாகரத்து வரை காத்திருக்க வேண்டியதில்லை. முஸ்லிம் பெண் விவாகரத்துக்குப் பிறகும் அந்தப் பொதுச் சட்டத்தின்கீழ் கேட்கலாம் என்று 2024 ஜூலை 10-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது.

இங்கே அவர்கள் தரப்பில் ஒரு வாதம் வரும்: "மஹரைக் கட்டிவிட்டோம், இனி எந்தச் செலவும் எங்கள் பொறுப்பில்லை." ஷா பானு வழக்கில் கணவர் மூவாயிரம் ரூபாயை மஹராகக் கட்டிவிட்டு இதையேதான் சொன்னார், 1985-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மஹர் என்பது திருமணத்தால் பிறந்த கடன், ஜீவனாம்சம் வாழ்க்கைச் செலவு. ஒன்றைக் கொடுத்தால் மற்றொன்று தீராது. இத்தா காலம் பொதுவாக மூன்று மாதவிடாய்க் காலம் என்பதால், மூன்று மாதச் செலவோடு எல்லாம் முடிந்தது என்பார்கள். இத்தாவுக்குள் செய்ய வேண்டிய ஏற்பாடு அவளுடைய பிற்கால வாழ்வுக்கும் சேர்த்துத்தான் என்று 2001-இல் டேனியல் லத்தீஃபி வழக்கு முடிவு செய்துவிட்டது.

கணவர் இந்தியா வராமலே இருந்தால் என்ன செய்வது என்பதுதான் உண்மையான கடினம். தீர்ப்பைப் பெறுவது எளிது, தங்கத்தைக் கையில் வாங்குவது எளிதல்ல. மஹருக்கு மாமனார் பொறுப்பாக மாட்டார், தஃப்தரில் ஜாமீன்தாரராகக் கையெழுத்திட்டிருந்தாலொழிய. அதையும் நகலில் பாருங்கள். அப்படி இல்லை என்றால் கணவர் பெயரில் இங்கே உள்ள மனை, வங்கிக் கணக்கு இவற்றைத்தான் பற்ற முடியும். அவற்றின் விவரங்களை, உறவினர்கள் பேசும்போதே குறித்துச் சேகரித்து வையுங்கள். எதுவுமே இல்லாத கணவரிடம் மஹர் தீர்ப்பு ஓரளவு காகிதமாகவே நிற்கும். அதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை சொல்ல விரும்பவில்லை.

நான் பார்த்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். உங்களைப் போலவே வெளிநாட்டில் கணவர், 8 பவுன் மஹர் பாக்கி. ஜமாஅத் கூட்டத்தில் அந்தப் பெண்ணுக்கு இத்தா செலவு என்று ஐம்பதாயிரம் கொடுத்து, "மஹர், நகை, இத்தா பணம் அனைத்தும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று எழுதி வாங்கினார்கள். அவர் வாசிக்காமல் கையெழுத்திட்டார். மிரட்டலில் நடந்தது என்று நிரூபிக்க நாங்கள் முயன்றோம்; கூட்டத்தில் இருந்த ஒருவரும் சாட்சி சொல்ல வரவில்லை. மஹரை மனைவி மனமுவந்து விட்டுக்கொடுத்தால்தான் அது செல்லும் என்பது சட்டம். மனமுவக்கவில்லை என்று காட்டும் சுமை கையெழுத்திட்டவர் தலையில் விழுந்துவிடுகிறது.

அதனால் ஜமாஅத்துக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. சமாதானம் பேச அது நல்ல இடமே, உங்கள் 25 பவுன் அங்கே பேசியே திரும்பினாலும் திரும்பலாம். திரும்பினால் எடை குறித்த ரசீது மட்டும் கொடுங்கள், அதில் மஹர் என்ற சொல்லே வர வேண்டாம். அவர்கள் தரும் குலா சான்றிதழை நம்பி மறுமணம் செய்வதும் ஆபத்து. தனியார் அமைப்புகள் தரும் குலா சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்தையே நாட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்துள்ளது. கேரளத்தில் நீதிமன்றத்துக்கு வெளியே நடக்கும் குலாவை அங்குள்ள உயர் நீதிமன்றம் 2021-இல் ஏற்றது என்பதால், இந்த விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை வேறு. நீங்கள் தமிழ்நாட்டில் வசிப்பதாகக் கொண்டே எழுதியிருக்கிறேன்.

இடையில் அவர் திருத்திக்கொண்டு, மாதம் ஒன்றாக மூன்று தலாக் நோட்டீஸ் அனுப்பினால் பதற வேண்டாம். அத்தகைய தலாக்குக்கும் நியாயமான காரணமும் இரு தரப்பு நடுவர்களின் சமரச முயற்சியும் முன்னதாக இருந்திருக்க வேண்டும் என்று 2002-இல் ஷமீம் ஆரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. அந்தத் தலாக் செல்லாமல் போனால் உங்கள் வழக்கு அப்படியே தொடரும். செல்லுபடியானால், நீங்கள் எதையும் விட்டுக்கொடுக்காமலேயே 7 பவுன் அன்றைக்கே முற்றிவிடும். நோட்டீஸை மறுக்காமல் வாங்கி, உறையின் அஞ்சல் முத்திரையோடு பத்திரப்படுத்தி, தஃப்தர் நகல், வங்கி அறிக்கை, அந்த போன் ஆகியவற்றுடன் உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.